நாலு தரம் மாஷ் செய்தால் டெக் கலைந்துவிடுமா?

நாவற்குழியான்

திருநெல்வேலியில் நாங்கள் கூடி விளையாடும் இடத்தில் போன சனிக்கிழமை மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் சின்னப் போட்டி ஒன்று வைத்தோம். இரண்டாவது சுற்றில் வாக்குவாதம் வந்துவிட்டது. நான் 60 கார்டு டெக்கை இரண்டாகப் பிரித்து ஒரு கட்டை மற்றதுக்குள் பக்கத்தால் தள்ளி, அதாவது மாஷ் செய்து, நாலு தரம் கலைத்து எதிராளியிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல், "இதெல்லாம் கலைத்த கணக்கில் வராது, திரும்பக் கலை" என்றார். ஜட்ஜ் என்று யாரும் இல்லாததால் சத்தம் போட்டதோடு முடிந்தது.

என் டெக்கில் 24 லாண்ட், 36 ஸ்பெல். ஸ்பெல் கார்டைப் போட லாண்ட் கார்டு வேண்டும், கையில் லாண்ட் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் கெட்ட கைதான். ஒரு ஆட்டம் முடிந்தால் லாண்டெல்லாம் ஒரே கட்டியாகச் சேர்ந்துவிடும். அதனால் முதலில் லாண்ட், ஸ்பெல், லாண்ட், ஸ்பெல், ஸ்பெல் என்று ஐந்தைந்தாக அடுக்கிவிட்டுத்தான் மாஷ் செய்வேன். இது கள்ள வேலையா? பிறகு, மாஷ் என்பதே பிழையா? பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்ட கார்டை வேறு எப்படிக் கலைப்பது? கார்டெல்லாம் கனடாவில் இருந்து மாமா அனுப்பியது, வளைத்து ரிஃபிள் செய்ய மனம் வராது.

முந்நூற்றுநாலு

தம்பி, இதுக்கெல்லாம் சண்டையா? நாங்கள் முந்நூற்றிநாலு அடிக்கும்போது 32 கடதாசியை இரண்டு தரம் கலைத்து, பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டுவோம், அவன் வெட்டுவான், பிரிப்போம். வெட்டினால் சரி. வெட்டினவன் பேந்து குறை சொல்ல ஏலாது. நீங்களும் வெட்டக் கொடுங்கோ, கதை முடிந்தது.

பச்சைமிளகாய்

மாஷ் சுத்த வேஸ்ட். கார்டுகள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும், அது எப்படிக் கலையும்? நான் ஏழு குவியலாக ஒவ்வொன்றாகப் போட்டு, குவியல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவேன். பக்கத்தில் இருந்த எந்த இரண்டு கார்டும் பிறகு பக்கத்தில் இருக்காது. அதைவிட வடிவாக யாரும் கலைக்க முடியாது.

ஸ்காபரோ சித்தப்பா

நான் இங்கே கடைகளில் நடக்கும் போட்டிகளுக்கு ஜட்ஜாக நிற்கிறவன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

பச்சைமிளகாய், குவியல் போடுவது கலைப்பது அல்ல, இடம் மாற்றி அடுக்குவது. முதல் கார்டு முதல் குவியலின் அடிக்குப் போகும், எட்டாவது கார்டு அதன் மேல் விழும், பதினைந்தாவது அதற்கும் மேல். எந்தக் கார்டு எங்கே போகும் என்று பேப்பரில் எழுதி வைத்துவிட்டு நீங்கள் அதையே திரும்பச் செய்யலாம். அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. மேஜிக்கின் போட்டி விதியில் இது நேரடியாகவே இருக்கிறது: குவியல் போடுவது மட்டும் போதாது, ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் கார்டுகளை எண்ணிப் பார்க்க ஒரே ஒரு தரம் போடலாம், அதற்கு மேல் போடக்கூடாது. 60 இருக்கிறதா, பக்கத்து மேசைக்காரனின் கார்டு ஏதும் வந்துவிட்டதா என்று பார்க்க அது நல்ல வழி. அவ்வளவுதான்.

கார்டு ஒட்டிப்போவதைக் குறை என்கிறீர்கள். எனக்கு அது குறை இல்லை. இரண்டு கார்டு சேர்ந்து விழுவதும், ஒன்று தனியே விழுவதும், மூன்று சேர்ந்து விழுவதும்தான் ஒழுங்கைக் கெடுக்கும். ஒன்றுக்கு ஒன்று பிசகாமல் கோர்த்துக்கொண்டே போனால் அதுதான் ஆபத்து. 40 கார்டு டெக்கைச் சரிபாதியாகப் பிரித்து, மேல் கார்டு மேலேயே நிற்கும்படி ஒன்றுவிட்டு ஒன்றாக 12 தரம் கோர்த்துப் பாருங்கள். தொடங்கிய வரிசை அப்படியே திரும்பி வரும். 52 கார்டுக்கு 8 தரம் போதும். மந்திர வித்தைக்காரர்கள் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

ஆகவே மாஷ் என்பதில் பிழை இல்லை. அது ரிஃபிளுக்குச் சமம். இரண்டு கட்டையும் விளிம்பால் வளைத்து விடுவதற்குப் பதில் பக்கத்தால் தள்ளுகிறோம். எத்தனை தரம், எப்படித் தள்ளுகிறோம் என்பதில்தான் விஷயம். நாவற்குழியான், ஒன்று சொல்லுங்கள்: ஒவ்வொரு கையிலும் எவ்வளவு பிடிப்பீர்கள்? எங்கே தள்ளுவீர்கள்?

நாவற்குழியான்

அடியில் இருந்து ஒரு மூன்றில் ஒரு பங்கு எடுத்து, மிச்சக் கட்டின் நடுவில் தள்ளுவேன் அண்ணை. இரண்டும் சமமாக இருந்தால் என் கைக்குள் அடங்காது. ஸ்லீவ் போட்டால் 60 கார்டு நல்ல தடிப்பு.

ஸ்காபரோ சித்தப்பா

அதுதான் நினைத்தேன். பெரிய கட்டு 40, சின்னக் கட்டு 20. அந்த 20ஐ நாற்பதின் நடுவில் தள்ளினால் பெரிய கட்டின் உச்சியில் ஒரு எட்டுப் பத்துக் கார்டில் கையே படாது. அடுத்த தரமும் அடியில் இருந்துதான் எடுக்கிறீர்கள், அப்போதும் உச்சி அப்படியே. நாலு தரம் அல்ல, நாற்பது தரம் அப்படித் தள்ளினாலும் அந்த எட்டும் எட்டுத்தான்.

மேஜிக்கில் தொடக்கக் கை எத்தனை கார்டு? ஏழு. இப்போது எதிராளி ஏன் வாங்க மறுத்தார் என்று விளங்கும். நீங்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும், ஐந்தைந்தாக அடுக்கி வைத்த கை அப்படியே உங்களிடம் வருகிறது.

சோதிக்க லேசான வழி: வேறு நிற ஸ்லீவ் ஒன்றைப் போட்டு உச்சியில் இருந்து மூன்றாவதாக வையுங்கள். வழக்கம்போல மாஷ் செய்யுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள். இன்னும் மூன்றாவதாகவே இருந்தால் நீங்கள் டெக்கின் வயிற்றை மட்டும்தான் கலைக்கிறீர்கள்.

முந்நூற்றுநாலு

அதைத்தானே நானும் சொன்னேன். மேலே உள்ளது அப்படியே இருந்தால் வெட்டினால் போயிற்று. வெட்டினவுடன் மேலே உள்ளது நடுவுக்குப் போய்விடும்.

வளாகத்துப் பெடியன்

ஐயா சொல்வதில் பாதி சரி. வெட்டினால் மேலே என்ன இருக்கிறது என்று கலைத்தவனுக்குத் தெரியாமல் போகும், அது உண்மை. ஆனால் வெட்டினால் வரிசை உடையாது. 60 கார்டை வட்டமாக வைத்ததாக நினைத்தால், வெட்டுவது அந்த வட்டத்தில் தொடங்கும் இடத்தை மாற்றுகிறது, வேறு ஒன்றும் இல்லை. பத்துத் தரம் வெட்டினாலும் ஒரு தரம் வெட்டியதும் ஒன்றுதான்.

நாவற்குழியானின் அடுக்கையே எடுத்துப் பாருங்கள். லாண்ட், ஸ்பெல், லாண்ட், ஸ்பெல், ஸ்பெல் என்று பன்னிரண்டு தொகுதி. எங்கே வெட்டினாலும் மேலே வரும் ஏழு கார்டில் ஒரு முழுத் தொகுதி அளவு, அதாவது ஐந்து கார்டு, இருக்கும். அதில் லாண்ட் இரண்டு. மிச்சம் அடுத்தடுத்த இரண்டு கார்டு. அந்த அடுக்கில் அடுத்தடுத்து இரண்டு லாண்ட் வருவதே இல்லை, ஆகவே அதில் ஒன்று இருக்கும் அல்லது ஒன்றும் இருக்காது. அதனால் கையில் எப்போதும் இரண்டு லாண்ட் அல்லது மூன்று லாண்ட். அறுபது இடத்தில் எங்கே வெட்டினாலும் இதுதான். எதிராளி கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் நாவற்குழியானுக்கு நல்ல கைதான்.

நாவற்குழியான்

ஆனால் நான் அடுக்கிவிட்டு மாஷ் செய்கிறேனே! அடுக்கியது அப்படியேவா இருக்கும்?

வளாகத்துப் பெடியன்

அதற்குத்தான் எத்தனை தரம் என்ற கேள்வி. எட்டுக் கார்டில் காட்டுகிறேன், நீங்களும் துண்டுக் கடதாசியில் எழுதிப் பாருங்கள்.

1 முதல் 8 வரை வரிசையாக வையுங்கள். நாலு நாலாகப் பிரித்து ஒரு தரம் மாஷ் செய்தால், ஒட்டியும் ஒட்டாமலும் இப்படி வரலாம்:

1 5 2 6 7 3 4 8

இடமிருந்து வலமாகப் போய் 1, 2, 3, 4 என்று பொறுக்குங்கள். திரும்பி வராமலே நாலும் கிடைக்கும். 5ஐத் தேடித் திரும்ப முன்னுக்கு வர வேண்டும். பிறகு 5, 6, 7, 8 ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். ஆகவே இரண்டு சங்கிலி. அதையே திரும்ப நாலு நாலாகப் பிரித்து மாஷ் செய்தால்:

1 7 5 3 2 4 6 8

இப்போது பொறுக்கினால் 1, 2 ஒரு ஓட்டம். 3, 4 அடுத்தது. 5, 6 அடுத்தது. 7, 8 கடைசி. நாலு சங்கிலி. இரண்டாகப் பிரித்துக் கோர்க்கும் ஒவ்வொரு தரமும் சங்கிலியின் எண்ணிக்கை கூடினால் இரட்டிப்பாகும், அதற்கு மேல் ஒருபோதும் போகாது. எவ்வளவு திறமாகக் கோர்த்தாலும் சரி.

அப்படியென்றால் நாலு தரம் மாஷ் செய்தால் கூடினது 16 சங்கிலி. உண்மையாகக் கலைந்த 60 கார்டில் சராசரி 30க்குக் கொஞ்சம் மேல் இருக்கும், அங்கேயிருந்து பெரிதாக விலகாது. 16 என்பது நடக்கவே நடக்காத அளவு குறைவு. ஆகவே நாலு தரம் போதாது என்பது கருத்து அல்ல, எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயம்.

பச்சைமிளகாய்

ஏழு தரம் போதும் என்று எங்கேயோ வாசித்தேன். கணித நிரூபணமே இருக்கிறதாம். சரிதானே?

வளாகத்துப் பெடியன்

ஓம், டேவ் பேயரும் பேர்சி டயகோனிஸும் 1992இல் எழுதிய கட்டுரை. டயகோனிஸ் இளம் வயதில் மந்திர வித்தைக்காரராக இருந்தவர். ஆனால் அந்த ஏழு 52 கார்டுக்கு. கார்டு கூடினால் எண்ணும் கூடும். அவர்களின் பொதுச் சூத்திரத்தை 60க்குப் போட்டால் ஒன்பதுக்குக் கிட்ட வரும்.

இன்னொன்று, ஏழில் எல்லாம் சட்டென்று தீர்ந்துவிடாது. 52 கார்டில் ஐந்து தரம் வரை கலையாத மாதிரித்தான். ஆறிலும் ஏழிலும் வேகமாக இறங்கும், அதன் பிறகு ஒவ்வொரு தரமும் மிச்சம் இருப்பது ஏறக்குறையப் பாதியாகும். ஏழு என்பது நின்றுகொள்ளும் இடம் என்று அவர்கள் தேர்ந்தது, மதில் அல்ல. அதுவும் ஏறக்குறையப் பாதியாகப் பிரித்து, முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு கோர்க்கிறவருக்கு. நாவற்குழியானின் 40–20க்கு அந்தக் கணக்குப் பொருந்தவே பொருந்தாது.

மீன்முள்

மாஷ் செய்வதைத் தடை செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஒருக்கா எதிராளி என் டெக்கை வாங்கி மாஷ் செய்கிறேன் என்று மூலையால் இடித்துத் தள்ளினார். இரண்டு ஸ்லீவ் கிழிந்தது, உள்ளே இருந்த பளபளக்கும் ஃபாயில் கார்டின் மூலை நசுங்கியது. நான் கேட்டால் "விதி இருக்கு, நான் கலைக்கலாம்" என்கிறார். அந்தக் கார்டை இனி யார் வாங்குவது?

ஸ்காபரோ சித்தப்பா

மீன்முள், இங்கே மாஷ் தடை என்று யாரும் சொல்லவில்லை, இழையை மேலே இருந்து வாசியுங்கள். ஆனால் உங்கள் பிரச்சினையும் உண்மைதான். எதிராளி கலைக்கலாம், ஆனால் கார்டும் ஸ்லீவும் பழுதாகும்படி கலைக்கக்கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. பயமாக இருந்தால் எதிராளிக்குப் பதிலாக ஜட்ஜைக் கலைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒத்துக்கொள்வதும் விடுவதும் ஜட்ஜின் விருப்பம். எதிராளியின் டெக்கை நான் மாஷ் செய்தால் நீளப் பக்கத்தால் மெதுவாகத்தான் தள்ளுவேன், மூலையால் ஒருபோதும் இல்லை.

ஃபாயில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ஃபாயில் கார்டு வில்லாக வளையும். டெக்கை வெட்டும்போது விரல் தானாகவே அந்த வளைவில் போய் நிற்கும். நாலே நாலு ஃபாயில் இருந்து அவை நாலும் ஒரே கார்டாக இருந்தால், கலைத்தது எல்லாம் வீண். ஜட்ஜ் கண்டால் அடையாளமிட்ட கார்டு என்றே எடுப்பார். டெக்கை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், இடைவெளி தெரிந்தால் அந்தக் கார்டுகளை மாற்றிவிடுங்கள்.

நாவற்குழியான்

சரி, மாஷை ஒத்துக்கொள்கிறேன். பாதி பாதியாகப் பிரித்து ஒன்பது தரம். ஆனால் அடுக்குவதை ஏன் விட வேண்டும்? அடுக்காமல் கலைத்தால் எனக்கு ஒரு லாண்டோடு கை வருகிறது, இல்லாவிட்டால் ஆறு லாண்ட். அடுக்கினால் அப்படி வருவதில்லை. நன்றாகக் கலைத்தால் லாண்ட் பரவித்தானே இருக்க வேண்டும்?

ஸ்காபரோ சித்தப்பா

தம்பி, இந்தக் கடைசி வரிதான் முழுச் சண்டைக்கும் காரணம். பரவி இருப்பது வேறு, கலைந்து இருப்பது வேறு.

ஒழுங்காகக் கலைந்த 60 கார்டில் 24 லாண்ட் இருந்தால், ஏழு கார்டுக் கையில் லாண்டே இல்லாமலோ ஒன்றே ஒன்றோடோ வருவதற்கு 14 சதவீதத்துக்குச் சற்று மேல் வாய்ப்பு. ஆறோ ஏழோ வர ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டி. இரண்டையும் சேர்த்தால் ஆறேழு கைக்கு ஒரு கை கெட்டது. இரண்டு அல்லது மூன்று லாண்ட் வருவது 58 சதவீதம் அளவுக்குத்தான். உங்களுக்குக் கெட்ட கை வருவதே இல்லை என்றால், டெக் கலையவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

அடுக்கிவிட்டுப் பிறகு போதுமான அளவு கலைத்தால் அடுக்கியது முழுக்க அழிந்துவிடும், அப்போது அடுக்கிய நேரம் வீண். அடுக்கியது கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் அது ஏமாற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் கிடையாது. விதி கேட்பது இதைத்தான்: டெக்கின் எந்தப் பகுதியிலும் எந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்று எந்த ஆட்டக்காரருக்கும் எந்தத் தகவலும் இருக்கக்கூடாது. "லாண்ட் சமமாகப் பரவி இருக்கிறது" என்பதும் ஒரு தகவல்.

பெரிய போட்டியில் நடப்பது இப்படி. நீங்கள் கலைத்து எதிராளிக்கு நீட்டுகிறீர்கள். நீட்டினாலே "என் டெக் விதிப்படி சரி, கலைந்தும் இருக்கிறது" என்று சொன்னதாகக் கணக்கு. எதிராளி வாங்கித் தானும் கலைப்பார். கடைப் போட்டியில் அது அவர் விருப்பம். மேல் மட்டப் போட்டிகளில் ஆட்டம் தொடங்கும்போது எதிராளியின் டெக்கைக் கலைப்பது கட்டாயம், வெட்டுவதோடு விடக்கூடாது. பெடியன் மேலே காட்டியதுதான் காரணம், வெட்டு அடுக்கை உடைக்காது. கலைக்கும்போது யாராவது கார்டின் முகத்தைக் கண்டுவிட்டால் அந்த டெக் கலையாத டெக்தான், திரும்பக் கலைக்க வேண்டும். ஆட்ட நடுவில் டெக்கில் ஒரு கார்டைத் தேடி எடுத்தால் திரும்பக் கலைத்து நீட்ட வேண்டும், எதிராளிக்கு அதே உரிமை அப்போதும் உண்டு.

எதிராளி சரியாகக் கலைக்கவில்லை என்று பட்டால் சத்தம் போடுவதில்லை, கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிட வேண்டும். தெரியாமல் செய்திருந்தால் எச்சரிக்கை கொடுத்துக் கலைக்கச் சொல்வோம். தெரிந்து செய்தது என்று பட்டால் போட்டியில் இருந்தே வெளியேற்றம். அதனால்தான் அடுக்குகிறவர்களை நான் கண்டால் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அடுக்கியதற்காக ஒன்றும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு எத்தனை தரம், எப்படிக் கலைக்கிறார் என்றுதான் பார்ப்பேன்.

முந்நூற்றுநாலு

இவ்வளவும் செய்தால் எப்ப விளையாடுவது? நாங்கள் இந்த நேரத்துக்குள் மூன்று கை பிரித்து முடித்திருப்போம். தவிர முந்நூற்றிநாலில் கடதாசி முழுக்கக் கலைந்தால் விளையாட்டிலே ருசி இல்லை. போன கையின் பிடிகள் அப்படியே சேர்ந்து இருந்தால்தான் ஒரே இனம் கையில் குவியும், கேள்வியும் ஏறும்.

வளாகத்துப் பெடியன்

ஐயா, அது நாலு பேருக்கும் தெரிந்து நாலு பேரும் ஒத்துக்கொண்ட கட்டி. அங்கே எல்லாரும் ஒரே கட்டில் இருந்துதான் எடுக்கிறார்கள். இங்கே ஆளுக்கு ஒரு டெக், கட்டி யாருக்கு எங்கே என்று டெக்கின் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியும்.

பச்சைமிளகாய்

நேரக் கேள்வி எனக்கும் இருக்கிறது. ஒன்பது மாஷ், பிறகு எதிராளி இன்னும் கொஞ்சம், இரண்டு பேருக்கும். சனிக்கிழமை ஆறு மணிக்கு இடத்தைப் பூட்டிவிடுவார்கள்.

ஸ்காபரோ சித்தப்பா

ஆட்டத்துக்கு முந்திய வேலைகள் எல்லாவற்றையும் நேரம் கடத்தாமல் முடிக்க வேண்டும் என்பதுதான் விதி. கலைப்பது, எதிராளி கலைப்பது எல்லாம் அதில் அடக்கம். பழகிய கைக்கு ஒரு மாஷ் இரண்டு மூன்று வினாடிதான், ஒன்பதும் அரை நிமிடத்துக்குள் முடியும். நேரத்தைத் தின்பது ஐந்தைந்தாக அடுக்குவதும் ஏழு குவியலும்தான். அந்த இரண்டையும் விட்டால் நேரம் மிஞ்சும்.

கை சின்னது என்று சொன்ன தம்பிக்கு: டெக்கை மேசையில் நிறுத்தி இரண்டாகப் பிரித்து, ஒன்றை மேசையில் ஊன்றியபடி மற்றதைத் தள்ளுங்கள். இரண்டு கட்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒரு தரம் வலக்கைக் கட்டின் கார்டு உச்சியில் வந்தால் அடுத்த தரம் இடக்கைக் கட்டுடையது வரட்டும். நடுவில் இரண்டொரு தரம் வெட்டுங்கள். புது ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு போகும், பழைய ஸ்லீவில் வியர்வை ஏறினால் பத்துப் பத்தாக ஒட்டும். நான் ஒட்டலாம் என்றது இரண்டு மூன்றைத்தான். பத்து ஒட்டினால் ஸ்லீவை மாற்றும் காலம்.

நாவற்குழியான்

நிற ஸ்லீவை வைத்துப் பார்த்தேன். பழைய முறையில் மூன்றாவது இடத்தை விட்டு அசையவே இல்லை. ஊன்றித் தள்ளினால் ஒவ்வொரு தரமும் எங்கெங்கோ போகிறது.

வருகிற சனிக்கிழமைக்கு ஒரு யோசனை: எதிராளி கட்டாயம் கலைக்க வேண்டும் என்று நாங்களே வைத்தால் என்ன? மேல் மட்டப் போட்டி மாதிரி.

மீன்முள்

நான் எதிர்ப்பு. என் டெக்கை யாரும் தொடுவதாக இருந்தால் நான் வரவில்லை. வெட்டட்டும், போதும்.

வளாகத்துப் பெடியன்

வெட்டு மட்டும் என்றால் அடுக்குகிறவனுக்கு ஒரு தடையும் இல்லை என்று இவ்வளவு நேரம் எழுதியது எதற்கு?

மீன்முள்

அப்படியென்றால் அடுக்குவதைத் தடை செய்யுங்கள், என் கார்டை ஏன் தண்டிக்கிறீர்கள்?

பச்சைமிளகாய்

அடுக்குவதைத் தடை செய்தால் நாவற்குழியான் வீட்டிலேயே அடுக்கிக்கொண்டு வருவார். எனக்குக் குவியல் ஒரு தரம் உண்டுதானே? எண்ணுவதற்கு?

ஸ்காபரோ சித்தப்பா

எண்ணுவதற்கு உண்டு. ஆட்டத்துக்கு ஒரு தரம். மீன்முள் தன் டெக்கைக் கொடுக்க மாட்டார் என்றால், விளையாடாத ஒருவர் அன்றைக்கு மேசை மேசையாக நின்று அவருடையதைக் கலைத்துக் கொடுக்கட்டும். அதற்கு யார் வருவார் என்பது உங்கள் ஊர்ப் பாடு.

முந்நூற்றுநாலு

நான் சும்மாதான் இருக்கிறேன். கலைக்க வரலாம். ஆனால் நான் கலைத்தால் வெட்டவும் வேண்டும்.